கோடு நேராக விழுந்தது, Km மட்டும் ஏன் தப்பு?

கவி_குளுகோர் · திங்கள், இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். பினாங்கில் இரண்டாம் ஆண்டு உயிர்வேதியியல் படிக்கிறேன். லேப் அறிக்கையைப் புதன்கிழமை கொடுக்க வேண்டும், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

என்சைம் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ். சப்ஸ்ட்ரேட் பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட். என்சைம் பாஸ்பேட்டை வெட்டியதும் மிச்சம் வருவது காரத்தில் மஞ்சளாகத் தெரியும், அதை 405 நானோமீட்டரில் அளக்கிறோம். ஒவ்வொரு குழாயிலும் 1 மில்லி கலவை, 10 நிமிடம் விட்டு 4 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி நிறுத்தினோம். ஒவ்வொரு செறிவுக்கும் இரண்டு குழாய், கீழே இருப்பது சராசரி, பிளாங்க் கழித்தது. சப்ஸ்ட்ரேட் மில்லிமோலாரில்:

```
[S]     A405
0.05    0.095
0.10    0.183
0.25    0.392
0.50    0.650
1.00    0.905
2.00    1.140
4.00    1.270
```

மில்லிமோலாருக்கு 18 என்ற கெழுவை வைத்து, ஐந்து மடங்கு நீர்த்ததையும் சேர்த்து, நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோமோலார் என்று வேகத்தைக் கணக்கிட்டேன். அப்புறம் 1/v-ஐ 1/[S]-க்கு எதிராக வரைந்தேன். கோடு அவ்வளவு அழகு. R² 0.9998. சாய்வு 0.0178, செங்குத்து அச்சில் வெட்டும் இடம் 0.0216. ஆக உச்ச வேகமான Vmax 46.3, அதில் பாதி வேகம் வரும் செறிவான Km 0.82 மில்லிமோலார்.

பிரச்சினை என்னவென்றால், இதே பாட்டில் என்சைமில் போன செமஸ்டர் குழுக்கள் எல்லாம் 0.5 சுற்றித்தான் எடுத்திருக்கிறார்கள். லேப் ஆசிரியர்கள் என் வரைவைப் பார்த்துவிட்டு "கணக்கைத் திரும்பப் பார்" என்று மட்டும் சொன்னார்கள். மூன்று முறை பார்த்தேன், கணக்கு சரி. கோடும் இவ்வளவு நேராக இருக்கிறது. எங்கே தப்பு?

---

பிறை_நண்பன் · திங்கள், இரவு 11:05

கவி, இது தெரிந்த கதைதான். இரட்டைத் தலைகீழ் வரைபடத்தில் கடைசிப் புள்ளி, அதாவது 0.05, எங்கே விழுகிறது பார்: 1/[S] = 20. அடுத்தது 10. மீதி ஐந்தும் 4-க்குள் ஒண்டிக்கொண்டு கிடக்கின்றன. கோட்டின் சாய்வைத் தீர்மானிப்பது அந்த ஒற்றைப் புள்ளிதான். செறிவு குறைந்த குழாயில் நிறம் மங்கல், பிழை அதிகம். அதைத் தலைகீழாக்கினால் பிழை ஊதிப் பெருகும்.

அந்தப் புள்ளியைத் தூக்கிவிட்டு ஆறு புள்ளிக்குக் கோடு போடு. Km 0.5-க்கு வந்துவிடும். எங்கள் காலத்தில் டியூட்டோரியலில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

---

கெப்போங்_ராஜாத்தி · திங்கள், இரவு 11:20

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். என் அம்மாவுக்குப் போன வாரம் இரத்தப் பரிசோதனையில் அது 140 என்று வந்திருக்கிறது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. இதற்கும் நீங்கள் சொல்லும் Km-க்கும் தொடர்பு உண்டா? Km கூடினால் ஆபத்தா தம்பி, தங்கச்சிகளே?

---

கவி_குளுகோர் · திங்கள், இரவு 11:48

பிறை அண்ணா, நீங்கள் சொன்னபடி 0.05-ஐ எடுத்துவிட்டுப் பார்த்தேன். Vmax 44.4, Km 0.77. 0.82-இலிருந்து 0.77-க்குத்தான் இறங்கியது. புள்ளி குறைந்ததே தவிர விடை அங்கேயே நிற்கிறது.

ராஜாத்தி அக்கா, அது எனக்குத் தெரியவில்லை, வேறு யாராவது சொல்வார்கள்.

---

செந்தூல்காரன் · செவ்வாய், காலை 6:15

கோலாலம்பூரில் என்சைம் வேலையிலேயே இருபது வருஷம் ஓட்டியவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ராஜாத்தி அம்மாவுக்கு. இரத்தப் பரிசோதனையில் வரும் எண் Km இல்லை. இரத்தத்தில் அந்த என்சைம் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. அதற்காகவே அங்கே சப்ஸ்ட்ரேட்டை வேண்டிய மட்டும் கொட்டிவிடுவார்கள், வழக்கமான முறையில் சுமார் 16 மில்லிமோலார். அவ்வளவு இருக்கும்போது என்சைம் ஏறத்தாழ நிறைந்துவிடும், வேகம் என்சைமின் அளவை மட்டுமே சார்ந்திருக்கும். எண் கூடியதன் காரணம் கல்லீரலா எலும்பா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், இங்கே வேண்டாம்.

இப்போது கவி. தங்கச்சி, உன் கணக்கில் தப்பில்லை. பிறை சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் உன் வியாதி அது இல்லை. ஒரே ஒரு புள்ளி கோணினால் அதைத் தூக்கலாம். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் எதைத் தூக்குவாய்?

ஒரு சின்ன வேலை செய். அளவீடுகளை வேகமாக மாற்றாதே, ஒவ்வொரு குழாயிலும் 10 நிமிடத்தில் எத்தனை மைக்ரோமோலார் சப்ஸ்ட்ரேட் தீர்ந்தது என்று பார். அதை ஆரம்பத்தில் போட்டதோடு ஒப்பிட்டு நூற்றுக்கு எவ்வளவு என்று எழுதிப் போடு. நானே சொல்லிவிடலாம். ஆனால் நீயே பார்த்தால்தான் மறக்காது.

---

கவி_குளுகோர் · செவ்வாய், மதியம் 1:10

அண்ணே, கேன்டீனில் உட்கார்ந்து போட்டேன். 0.05 குழாயில் இருந்ததே 50 மைக்ரோமோலார், அதில் 26.4 தீர்ந்துபோயிருக்கிறது. 53 சதவீதம்! அடுத்ததில் 51, அப்புறம் 44, 36, 25, 16. 4 மில்லிமோலார் குழாயில்தான் 9.

அப்படியானால் 0.05 என்று நான் குறித்த குழாயில் பத்து நிமிடம் முழுக்க 0.05 இல்லவே இல்லை?

---

செந்தூல்காரன் · செவ்வாய், மதியம் 1:35

அதேதான். v = Vmax[S]/(Km+[S]) என்ற சமன்பாட்டில் உள்ள v, அந்த [S] இருக்கும் கணத்தின் வேகம். நீ அளந்ததோ பத்து நிமிடச் சராசரி. சப்ஸ்ட்ரேட் குறையக் குறைய வேகமும் குறையும், அதனால் சராசரி ஆரம்ப வேகத்தை விடக் கீழே போய்விடும். மேல் செறிவுக் குழாய்களில் இந்த இழப்பு அற்பம். கீழ்க் குழாய்களில் பெரியது.

சரி, அப்படியானால் கோடு வளைந்திருக்க வேண்டாமா என்று கேட்பாய். இந்த வரைபடத்தின் கள்ளத்தனம் அங்கேதான் இருக்கிறது. செறிவு Km-ஐ விட நன்றாகக் கீழே இருக்கும்போது, குறிப்பிட்ட நேரத்தில் தீரும் பங்கு செறிவைச் சார்ந்திருக்காது. 50 போட்டாலும் பாதி தீரும், 100 போட்டாலும் பாதி தீரும். உன் எண்களே சொல்கின்றன: 53, 51. கோட்டின் திசையைத் தீர்மானிக்கும் அந்த இரண்டு புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைந்துவிட்டன. அதனால் கோடு வளையவில்லை, செங்குத்தாகியது மட்டும்தான். சாய்வு கூடியதால் Km ஏறியது. R² வெறும் நேர்த்தன்மையைத்தான் காட்டும். நேராக நின்று பொய் சொல்பவனைக் கண்டுபிடிக்க அதனால் முடியாது.

பிறை, ஒரு புள்ளியை எடுத்தும் ஏன் அசையவில்லை என்பது இப்போது புரிகிறதல்லவா? 10-இல் இருக்கும் புள்ளியும் அதே பொய்யைச் சொல்கிறது.

---

எண்_வித்தகன் · செவ்வாய், மாலை 4:02

2020-கள் வந்தும் இந்தத் தலைகீழ் வரைபடத்தையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? கணினி இருக்கிறது, வளைகோட்டையே நேரடியாகப் பொருத்தலாம்:

```
from scipy.optimize import curve_fit
f = lambda s, V, K: V*s/(K+s)
p, c = curve_fit(f, S, v, p0=[40, 0.5])
```

மூன்று வரி. எல்லாப் புள்ளிகளின் பிழைக்கும் ஒரே எடை கிடைக்கும், தலைகீழாக்கும் தொல்லையும் இல்லை. அவ்வளவுதான் லா.

---

செந்தூல்காரன் · செவ்வாய், மாலை 5:20

தம்பி, கவியின் எண்களை அதில் போட்டு வரும் விடையையும் எழுதியிருக்கலாமே.

---

எண்_வித்தகன் · செவ்வாய், மாலை 5:41

போட்டேன். Km 0.66. Vmax 41-க்கும் 42-க்கும் நடுவே.

0.5 வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 0.82-ஐ விடப் பக்கம்.

---

செந்தூல்காரன் · செவ்வாய், இரவு 8:50

சாப்பிட்டுவிட்டு வந்தேன். நீ போட்டது வீணாகவில்லை தம்பி, நல்ல தடயம். [S]/v-ஐ [S]-க்கு எதிராக வரையும் ஹேன்ஸ் கோட்டை நான் போட்டுப் பார்த்தேன். அதில் சாய்வு 1/Vmax, வெட்டும் இடம் Km/Vmax. விடை: Km 0.69, Vmax 41.7.

இப்போது கவனியுங்கள். ஒரே ஏழு எண்கள். இரட்டைத் தலைகீழ் 0.82 சொல்கிறது, ஹேன்ஸ் 0.69, நேரடிப் பொருத்தம் 0.66. சமன்பாடு ஒன்றுதான், மூன்றும் அதன் வேறு வேறு முகங்கள். அளவீடுகள் உண்மையிலேயே அந்தச் சமன்பாட்டின்படி நடந்திருந்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கூட வேண்டும். கூடாததன் காரணம், ஒவ்வொரு முறையும் வேறு புள்ளிகளுக்குச் செவி சாய்க்கிறது. இரட்டைத் தலைகீழ் கீழ்ச் செறிவுகளின் பேச்சை மட்டும் கேட்கும், மற்ற இரண்டும் மேல் செறிவுகளின் பக்கம் சாயும். ஆக இந்த வித்தியாசமே ஒரு எச்சரிக்கை: கீழும் மேலும் ஒரே கதையைச் சொல்லவில்லை. எந்த R²-ஐ விடவும் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

புதன் அறிக்கைக்கு ஒரு கைவைத்தியம். கவி, குழாயில் போட்ட செறிவை எடுத்துக்கொள்ளாதே. ஆரம்பச் செறிவுக்கும் முடிவுச் செறிவுக்கும் சராசரியைப் போடு. 50-இல் ஆரம்பித்து 23.6-இல் முடிந்தது, ஆக 36.8. வேகம் பத்து நிமிடச் சராசரி என்றால் செறிவும் சராசரியாக இருக்கட்டும். பாதி தீர்ந்த குழாய் வரைக்கும் இது வியக்கத்தக்க அளவு நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் தீர்ந்துவிட்டால் நம்பாதே.

---

கவி_குளுகோர் · செவ்வாய், இரவு 10:15

அண்ணே!! இரட்டைத் தலைகீழ்: Km 0.53, Vmax 41.0. ஹேன்ஸ்: Km 0.51, Vmax 40.1.

இரண்டும் ஒன்று கூடிவிட்டன. கணினி முன்னால் கத்திவிட்டேன், அறைத் தோழி என்ன ஆச்சு என்று ஓடி வந்தாள்.

---

பட்டர்வொர்த்_வாத்தியார் · செவ்வாய், இரவு 10:50

நான் எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்குச் சொல்லித் தருபவன். என் அனுபவம் ஒன்று. சில வருஷத்துக்கு முன் இதே சப்ஸ்ட்ரேட்டில் ஒரு செய்முறை வைத்தோம். ஒரு குழு கோடு வரைந்தது, அது செங்குத்து அச்சை சுழிக்குக் கீழே வெட்டியது. Vmax எதிர்ம எண்! பையன் கொஞ்சமும் யோசிக்காமல் "கழித்தல் 12" என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டான்.

தேடிப் பார்த்தால், சப்ஸ்ட்ரேட் கரைசல் பழசு. என்சைம் படாமலேயே சிறிது சிதைந்து மஞ்சளாகியிருந்தது. 4 மில்லிமோலார் குழாயில் அந்த மஞ்சள் நன்றாகத் தெரியும், 0.05-இல் ஒன்றும் இருக்காது. இவர்கள் 4 மில்லிமோலாருக்கு மட்டும் ஒரே ஒரு பிளாங்க் வைத்து, அதையே எல்லாக் குழாயிலும் கழித்துவிட்டார்கள். கீழ்க் குழாய்களின் அளவு கிட்டத்தட்ட சுழிக்குப் போய்விட்டது, 1/v வானத்துக்கு ஏறிவிட்டது, கோடு செங்குத்தாகி மறுபக்கம் கீழே போய் வெட்டியது.

கவி, நீங்கள் ஒவ்வொரு செறிவுக்கும் தனி பிளாங்க் வைத்தீர்களா?

---

கவி_குளுகோர் · செவ்வாய், இரவு 11:08

வைத்தோம் சார், ஒவ்வொன்றுக்கும் தனி. என்சைமுக்கு முன்னால் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றி. எங்கள் சப்ஸ்ட்ரேட் புதுசு, நிறம் இல்லாமல்தான் இருந்தது.

இன்னொரு சந்தேகம். 2-இல் 1.140, 4-இல் 1.270. இன்னும் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது? அப்படியானால் என்சைம் நிறையவே இல்லையா? நாங்கள் 10, 20 வரை போயிருக்க வேண்டுமா?

---

பிறை_நண்பன் · புதன், காலை 7:30

நிறைவு என்பது ஒரு சுவர் இல்லை கவி. Km 0.5 என்றால் 4 மில்லிமோலார் அதன் எட்டு மடங்கு. 8-ஐ 9-ஆல் வகுத்தால் 89 சதவீதம். இருபது மடங்கு போட்டாலும் 95-தான். பாதி வழி வேகமாக ஏறும், மீதியை எட்டவே முடியாமல் ஊர்ந்துகொண்டே போகும். ஆறு மணிக்குப் பினாங்குப் பாலத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கார் எத்தனை வந்தாலும் சுங்கச்சாவடி விடுகிற வேகத்தில்தான் நகரும்.

இந்தக் கோட்டை வைத்திருப்பதே அதற்குத்தான். எட்ட முடியாத Vmax-ஐ, 1/[S] சுழியாகும் இடம் வரை கோட்டை நீட்டிப் படித்துக்கொள்கிறோம். முந்தாநாள் நான் தவறினேன், இதிலாவது சரியாகச் சொன்னேனா செந்தூல் அண்ணே?

---

செந்தூல்காரன் · புதன், காலை 7:52

சரிதான். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்: நீட்டிப் படிப்பதற்கு அருகில் புள்ளிகள் இருக்க வேண்டும். கவிக்கு 1/[S] அளவில் 0.25, 0.5, 1 எல்லாம் அச்சுக்குப் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தாள். சிலர் Km-க்குக் கீழே மட்டும் அளந்துவிட்டு Vmax எழுதுவார்கள், அது ஜாதகம் பார்ப்பது மாதிரி.

---

கவி_குளுகோர் · புதன், மாலை 6:20

அறிக்கை கொடுத்தாகிவிட்டது. சராசரிச் செறிவு முறையையும் ஏன் போட்டேன் என்பதையும் எழுதினேன். தைப்பூச விடுமுறைக்கு அப்புறம் லேப் திறந்ததும் திரும்பச் செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது. 10 நிமிடத்துக்குப் பதில் 2 நிமிடம் விட்டால் போதுமா?

---

செந்தூல்காரன் · புதன், இரவு 9:05

கணக்குப்படி போதும், கைக்குப் போதாது. பதினான்கு குழாய், பிளாங்க் வேறு. ஒரு குழாயில் 10 வினாடி பிந்தினால் 2 நிமிடத்தில் அது 8 சதவீதப் பிழை, 10 நிமிடத்தில் 2-க்கும் கீழே. அதனால் நேரத்தைத் தொடாதே, என்சைமை ஐந்து மடங்கு நீர்த்துக்கொள். தீரும் சப்ஸ்ட்ரேட் அதே அளவுக்குக் குறையும், கடிகாரமும் நிதானமாக இருக்கும். நீர்த்த என்சைமை பனிக்கட்டியில் வை, அன்றைக்கே பயன்படுத்திவிடு. நீர்த்தது நேரம் போகப் போகச் செத்துக்கொண்டே வரும்.

நிறம் மங்கும் என்பதால் 4 மில்லிக்குப் பதில் 1 மில்லி ஹைட்ராக்சைடு ஊற்று. அதன் வலிமையைக் கூட்டிக்கொள், நிறுத்தும் அளவுக்குக் காரம் வேண்டும்.

---

கவி_குளுகோர் · அடுத்த வெள்ளி, இரவு 9:30

செய்துவிட்டேன். ஆனால் இப்போது வேறு குழப்பம்.

```
[S]     A405
0.05    0.061
0.10    0.115
0.25    0.230
0.50    0.355
1.00    0.471
2.00    0.577
4.00    0.636
```

இரட்டைத் தலைகீழ் Km 0.56, ஹேன்ஸ் 0.53. Vmax 8 சுற்றி, ஐந்து மடங்கு நீர்த்ததால் அது சரி. இதுவரை சந்தோஷம்.

ஆனால் 0.05-இன் இரண்டு குழாயும் 0.055, 0.067 என்று வந்தன. சராசரிதான் 0.061. சும்மா பார்ப்போமே என்று 0.055-ஐ மட்டும் வைத்து இரட்டைத் தலைகீழ் போட்டேன்: Km 0.72. 0.067-ஐ மட்டும் வைத்தால் 0.46. ஒரே ஒரு குழாய்! மீதி ஆறு எண்ணும் அப்படியே இருக்க, விடை இப்படி ஆடுகிறது.

---

பிறை_நண்பன் · வெள்ளி, இரவு 9:48

இதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன் 😄 அன்றைக்குத் தப்பான நோயாளிக்குக் கொடுத்த மருந்து, இன்றைக்குச் சரியான நோயாளி.

---

செந்தூல்காரன் · வெள்ளி, இரவு 10:30

ஆமாம் பிறை, இன்றைக்கு உன் முறை. ஒப்புக்கொள்கிறேன்.

கவி, அளவீட்டுக் கருவி தரும் தடுமாற்றம் எல்லாக் குழாயிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 0.005 என்று வைத்துக்கொள். 0.061-இல் அது கூடினாலும் குறைந்தாலும் 1/v நன்றாக ஆடும். 0.636-இல் அதே 0.005-க்கு அசைவே தெரியாது. இரண்டு ஆட்டத்தையும் ஒப்பிட்டால் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த ஆட்டக்காரப் புள்ளியைத்தான் கோட்டின் நுனியில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம், நீளமான கம்பின் நுனியில் பிடித்து ஆட்டுவது மாதிரி.

இதே இரண்டு எண்களையும் ஹேன்ஸில் போட்டுப் பார்த்தேன். 0.055-க்கு Km 0.55, 0.067-க்கு 0.51. அவ்வளவுதான் ஆட்டம்.

லைன்வீவரும் பர்க்கும் 1934-இல் இந்த இரட்டைத் தலைகீழ் கோட்டை முன்வைத்தபோது அவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. புள்ளியியலாளர் டெமிங்கின் உதவியோடு புள்ளிகளுக்கு எடை கொடுத்துத்தான் பொருத்தினார்கள். பிழை எல்லாக் குழாயிலும் சமம் என்றால் எடை v-இன் நான்காம் அடுக்கு. பின்னால் வந்தவர்கள் எடையை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பழி கோட்டின் மேல் விழுந்தது.

---

எண்_வித்தகன் · வெள்ளி, இரவு 10:44

அப்படியானால் எடை கொடுத்துப் போட்டிருந்தால் முதல் தடவையே 0.5 வந்திருக்குமா?

---

செந்தூல்காரன் · வெள்ளி, இரவு 11:02

வராது. எடை தள்ளாட்டத்தைத்தான் அடக்கும். முதல் தடவை நடந்தது தள்ளாட்டம் இல்லை, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. நீ போட்ட நேரடிப் பொருத்தம் கிட்டத்தட்ட எடை கொடுத்த கோடு மாதிரிதான், அது 0.66 தந்ததே.

கவி, முதல் நாள் சாய்வு, இன்றைக்குத் தள்ளாட்டம். இரண்டையும் ஒரே நோய் என்று நினைக்காதே. ஒரே செறிவில் இரட்டைக் குழாய்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் தள்ளாட்டம். ஒத்துப்போய், ஆனால் வரைபடத்துக்கு வரைபடம் Km மாறினால் சாய்வு. முதல் தடவை உன் இரட்டைக் குழாய்கள் எப்படி இருந்தன?

---

கவி_குளுகோர் · வெள்ளி, இரவு 11:20

நோட்டைப் பார்த்தேன். 0.094, 0.096. ஒட்டிக்கொண்டு இருந்தன.

---

பட்டர்வொர்த்_வாத்தியார் · சனி, காலை 8:10

எனக்கு ஒரு உறுத்தல். வினையில் பாஸ்பேட் வெளியே வருகிறது. அந்த பாஸ்பேட்டே இந்த என்சைமின் இடத்தைப் பிடித்துக்கொண்டு போட்டியிட்டுத் தடுக்கும். என் மாணவி ஒருத்தி ஒருமுறை பாஸ்பேட் பஃபரிலேயே கரைத்துவிட்டு "என்சைம் செத்துப்போச்சு சார்" என்று வந்தாள். கவியின் முதல் தடவையில் பாதி சப்ஸ்ட்ரேட் பாஸ்பேட்டாகிவிட்டது. அப்படியானால் செறிவின் சராசரியை எடுத்தால் மட்டும் போதுமா?

---

செந்தூல்காரன் · சனி, காலை 9:40

நல்ல கேள்வி வாத்தியாரே. கண்டிப்பாகச் சொன்னால் போதாது. அந்தச் சராசரித் தந்திரம், விளைபொருள் தடுக்கவில்லை என்ற எடுகோளில் நிற்கிறது. இரண்டாவது சோதனையில் கீழ்க் குழாயில் 14 சதவீதம்தான் தீர்ந்திருக்கிறது, அதனால் பாதிப்பு குறைவு. முதல் சோதனையில் எவ்வளவு இருந்தது என்று அந்த எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆரம்பத்திலேயே கொஞ்சம் பாஸ்பேட் சேர்த்த ஒரு வரிசை, சேர்க்காத ஒரு வரிசை, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டினால்தான் தெரியும்.

---

கெப்போங்_ராஜாத்தி · சனி, காலை 10:05

மருத்துவரைப் பார்த்துவிட்டோம். எலும்பு சம்பந்தமாக இருக்கலாம் என்று வைட்டமின் டி பார்க்கச் சொல்லியிருக்கிறார். அம்மா நன்றாக இருக்கிறாள். நீங்கள் பேசுவது பாதி புரியவில்லை, ஆனாலும் தினமும் வந்து படிக்கிறேன்.

---

கவி_குளுகோர் · சனி, மதியம் 12:30

சந்தோஷம் அக்கா.

அண்ணே, பாஸ்பேட் வரிசைக்குக் கேட்டுப் பார்த்தேன். என்சைம் பாட்டிலில் இன்னும் இரண்டு நாள் வேலைக்குத்தான் இருக்கிறதாம். லேப் தாளில் இரட்டைத் தலைகீழ் கோடுதான் கட்டாயம், ஹேன்ஸ் போட்டால் மதிப்பெண் கிடையாது என்று வேறு சொல்லிவிட்டார்கள். அதனால் 0.05-ஐ நான்கு குழாயாக்கி, மேலே 4-ஐ ஒன்றாகக் குறைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

---

செந்தூல்காரன் · சனி, மதியம் 12:55

4-ஐக் குறைக்காதே, அச்சைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். 0.05-ஐ விட்டுவிட்டு 0.15-இல் ஆரம்பி, அங்கே மூன்று குழாய் வை. 1/[S] 20-க்குப் பதில் 6.7-இல் நிற்கும், கம்பு குட்டையாகிவிடும். மிச்சமாகும் என்சைமில் பாஸ்பேட் போட்ட நான்கு குழாய் ஓட்டிப் பார். எண்ணை இங்கே போடு, வாத்தியாரும் நானும் காத்திருக்கிறோம்.